நிறப் பாகுபாடு: கலரிசம் என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்?

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். தங்கை கொஞ்சம் சிவப்பு. "நீ உள்ளேயே இரு, அவங்க போனதும் வா" என்று அம்மாவே சொல்லிவிடுகிறார். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இனமும் சாதியும் மொழியும் ஒன்றே. இனவெறி நுழைய வழியே இல்லாத அந்த வீட்டுக்குள்ளும் தோலின் நிறம் இருவரையும் தரம் பிரித்துவிடுகிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் கலரிசம் என்கிறார்கள்.

இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர். 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரே இனத்தவரை நிறத்தை மட்டும் வைத்து உயர்த்துவதையும் தாழ்த்துவதையும் இந்தப் பெயரால் குறித்தார். அங்கே இதன் வேர் அடிமை முறையில் இருக்கிறது. வெள்ளை முதலாளிகளுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்த வெளிர்நிறப் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டு வேலையோ விடுதலையோ கிடைத்தது. இப்படி இனவெறி உண்டாக்கிய படிநிலை, கறுப்பினச் சமூகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. பழுப்புக் காகிதப் பையைவிடக் கறுத்தவர்களைச் சில கறுப்பினச் சங்கங்களே சேர்த்துக்கொள்ளவில்லை என்று அந்தச் சமூகத்தில் இன்றும் சொல்வார்கள்.

இனவெறி வேறு. அது எதிரில் இருப்பவர் எந்த இனம் என்று பார்க்கும். அந்த இனத்தில் கொஞ்சம் வெளுத்தவரும் தப்ப முடியாது. 2017இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைத் தாக்கியது இனவெறிதான்.

சட்டத்திலும் இந்த வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம், வேலையில் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் இனத்தையும் நிறத்தையும் தனித்தனியாகவே சொல்கிறது. அட்லாண்டாவில் வேலை செய்த வெளிர்நிறக் கறுப்பினப் பெண் ஒருவர், கருநிறக் கறுப்பின மேலாளர் தன்னை நிறத்துக்காக வெறுத்தார் என்று வழக்குப் போட்டார். இருவரும் ஒரே இனம்தானே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. ஆனாலும் அப்படி வழக்குத் தொடரலாம் என்று 1989இல் நீதிமன்றம் சொன்னது. பாகுபாடு எப்போதும் கறுத்தவர் மேல்தான் பாயும் என்பதில்லை. ஆனால் பெரும்பாலும் அடிபடுபவர்கள் அவர்கள்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நிறவெறி' என்பதை நம் பத்திரிகைகள் தென்னாப்பிரிக்க வெள்ளையர் ஆட்சிக்கு எழுதிப் பழகிவிட்டன. அது மக்களை இனவாரியாகப் பிரித்து வைத்த அரசுச் சட்டம். அதே சொல்லைப் பெண் பார்க்கும் வீட்டுக்கும் போட்டால் இரண்டும் குழம்பும். அதனால் கலரிசத்துக்கு 'நிறப் பாகுபாடு' என்பதையே நான் பரிந்துரைப்பேன்; ரேசிசத்துக்கு 'இனவெறி' இருக்கிறது. தவிர, வெறி என்றால் அடிதடியும் வசையும்தான் நினைவுக்கு வரும். கர்ப்பிணி மகளுக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கும் அம்மாவிடம் வெறி எதுவும் கிடையாது, பாசம்தான். ஆனால் குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்ற அந்த ஆசைக்குள் பாகுபாடு இருக்கிறது.