சில்லருக்கு முன்னால் ஒரு கழுவல்: புதிய குளிர்நீர்க் குழாய்களைச் சுத்தம் செய்யும் முறை

கட்டடத்தின் ஏசிக்காக, சில்லர் என்ற இயந்திரம் குளிர்விக்கும் தண்ணீரைக் கொண்டுபோகப் புதிதாகப் போட்ட சில்டு வாட்டர் பைப்பின் உட்புறம் நாம் நினைக்கும் அளவுக்குச் சுத்தமாக இருக்காது. வெல்டிங் துளிகள், அரத்தூள், பைப்போடு வந்த எண்ணெய்ப் படலம், ஆலையிலேயே ஒட்டிய இரும்பு ஆக்சைடு செதில், வேலையின்போது புகுந்த மணல் எல்லாம் உள்ளே கிடக்கும். இவை சில்லருக்குள்ளோ, அறைக்குக் குளிர்காற்று தரும் ஃபேன் காயிலின் மெல்லிய செம்புக் குழாய்களுக்குள்ளோ போய்ச் சேர்ந்தால் அப்புறம் எடுப்பது பெரும்பாடு. அதனால் வேலைமுறையை எழுதிவைக்கும் மெத்தட் ஸ்டேட்மென்டில் முதலில் வருவது பைபாஸ்தான். சில்லரையும் ஒவ்வொரு காயிலையும் வால்வு மூடிப் பிரித்துவிட்டு, போகும் பைப்பையும் திரும்பும் பைப்பையும் நேராக இணைத்துவிட வேண்டும்.

அடுத்து வேகம். குப்பையை நகர்த்துவது தண்ணீரின் வேகம். மெதுவாக ஓடும் தண்ணீர், எத்தனை மணி நேரம் ஓடினாலும், கனமான துகளை பைப்பின் அடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். பல ஒப்பந்தங்கள் நொடிக்கு சுமார் 1.5 மீட்டர் கேட்கின்றன. இது காகிதத்தில் எளிது, சைட்டில் கடினம். கிளைகளுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும் 150 மி.மீ. முதன்மைக் குழாயான ஹெடரில் இந்த வேகம் வர நொடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர் ஓட வேண்டும். அதே பம்ப்பை வைத்து 50 மி.மீ. கிளைகள் 20-ஐயும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 1.4 லிட்டர்தான் கிடைக்கும். வேகம் நொடிக்கு 0.65 மீட்டராகச் சரிந்துவிடும். தண்ணீர் தெளிவாக வருவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். குப்பையோ அசையாமல் கிடக்கும்.

எட்டு எட்டுக் கிளையாகத் திறந்தால் ஒவ்வொன்றிலும் 3.5 லிட்டர் ஓடி, வேகம் 1.6-ஐத் தொடும். ஹெடருக்குத் தனிச் சுற்று வேண்டும். கடைசிக் கிளையை நெருங்க நெருங்க ஹெடரில் ஓட்டம் குறைவதால், அதன் கடைக்கோடியில் முழு அளவு இணைப்பு போட்டு, கிளைகளை மூடிவிட்டு, அதை முதலில் கழுவ வேண்டும். இதற்கெல்லாம் தற்காலிக பம்ப்பை வைப்பதே நல்லது. கட்டடத்தின் சொந்த பம்ப்பை ஓட்டினால் மணல் போய் அதன் சீலைத் தின்றுவிடும். குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் கூடையைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பார்த்து, அதில் எதுவும் சிக்காமல் போகும் வரை ஓட்ட வேண்டும்.

வேகத்துக்கு அசையாதது எண்ணெயும் துருவும். அதற்குத்தான் ரசாயனம். துகளைப் பிரித்து மிதக்கவிடும் கிளீனரைச் சேர்த்து, அதன் தயாரிப்பாளர் சொல்லும் நேரம்வரை சுழலவிடுவோம். இதற்குப் பிறகு பலர் செய்யும் தவறு, மொத்தத்தையும் வடித்துக் காலியாக விடுவது. கழுவிய இரும்பு வெறுமையாக இருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே செம்பழுப்புத் துரு படியும். ஆகவே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருபுறம் வடித்து, மறுபுறம் புதுத் தண்ணீரை விட வேண்டும். வெளியேறும் தண்ணீரின் மின்கடத்துத்திறன், உள்ளே விடும் தண்ணீரின் அளவுக்கு இறங்கினால் கிளீனர் போய்விட்டது என்று தெரியும். அந்தச் சுத்தத் தண்ணீரைக் கொண்டு ஒவ்வொரு காயிலையும் தலைகீழ்த் திசையில் கழுவி வெளியே விட்ட பிறகே சுற்றோடு சேர்க்க வேண்டும்.

அன்றைக்கே கிருமிக்கொல்லியும் துருத்தடுப்பானும் போக வேண்டும். சோடியம் நைட்ரைட் துருத்தடுப்பான் என்றால் அதோடு குளோரினைச் சேர்க்கக் கூடாது. அது நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கி வீணாக்கும். ஆக்சிஜனேற்றம் செய்யாத கிருமிக்கொல்லியே பொருந்தும்.

துருத்தடுப்பானை அளந்து போடும் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதன் அளவைச் சரிபார்க்கும் பரிசோதனையே குழாய்த்தொகுதியையும் காட்டிக்கொடுக்கிறது. வரைபடத்தின்படி மொத்தம் 5,000 லிட்டர் என்று வைப்போம். 5 கிலோ சோடியம் நைட்ரைட் போட்டால், நன்றாகக் கலந்த பிறகு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் காட்ட வேண்டும். 1,250 காட்டினால் ஓடுவது 4,000 லிட்டர்தான். எங்கோ ஒரு கிளை வால்வு மூடியே இருக்கிறது, அதற்குள் மருந்தில்லாத தண்ணீர் தேங்கி நிற்கிறது. 800 காட்டினால் தொகுதி கணக்கைவிடப் பெரியது, அல்லது எங்கோ கசிந்து, அதற்கு ஈடாக வெளியிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பார்க்கும்போது எண் அப்படியே நின்றால் கொள்ளளவுக் கணக்குதான் பிழை. இறங்கிக்கொண்டே போனால் முதலில் கசிவைத் தேட வேண்டும், கூடவே நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறதா என்று மாதிரியும் அனுப்ப வேண்டும்.

மாதிரியை பம்ப் அறையில் மட்டும் எடுத்தால் போதாது. ஓட்டம் மிகவும் குறைவாக இருக்கும் கடைக்கோடி கிளைகளிலும் எடுக்க வேண்டும். மூடிக் கிடந்த வால்வு அங்கேதான் அகப்படும்.