உடை வாடையைப் பற்றி ஊழியருக்கு எழுதும்போது

ஓர் ஊழியரிடம் வியர்வை வாடை வருகிறது என்று தெரிந்தால், பல மேலாளர்கள் தூய்மையை வலியுறுத்தி எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுகிறார்கள். மனிதவளப் பிரிவில் பணியாற்றும் எனக்கு இது கொடுமையாகவே படுகிறது. அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை மாலைக்குள் அலுவலகமே ஊகித்துவிடும், உரியவருக்குத்தான் கடைசியில் தெரியவரும்.

ஓர் ஐப்பசி மழைக்காலத்தில், சென்னையில் வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் இளைஞர் ஒருவருக்காக அவருடைய மேலாளர் ஒரு வரைவை எழுதிக் கொண்டுவந்தார். "உங்கள் சுத்தமின்மை பற்றிப் பலரும் புகார் கூறுகிறார்கள்" என்று அது தொடங்கியது. 'சுத்தமின்மை' என்ற சொல் அவருடைய வளர்ப்பையே குறை சொல்கிறது. 'பலரும்' என்ற சொல்லோ, மறுநாள் முதல் எதிரில் வரும் ஒவ்வொருவரையும் அவர் சந்தேகத்தோடு பார்க்கும்படி செய்துவிடும். இரண்டையும் நீக்கினோம். காலையில் சொன்னால் நாள் முழுவதும் அந்தக் கூச்சத்தோடு அவர் உட்கார்ந்திருக்க நேரும் என்பதால், வேலை முடியும் வேளையில் மேலாளர் அவரிடம் தனியறையில் பேசினார். பிறகு, வேறு யாருக்கும் நகல் இல்லாமல், இந்தக் குறிப்பைக் கொடுத்தார்:

"வணக்கம். இன்று நாம் பேசியதையே இங்கே எழுதுகிறேன். கடந்த இரண்டு வாரங்களில் சில நாட்கள் உங்கள் உடையிலிருந்து வியர்வை வாடை வந்ததை நானே கவனித்தேன். இது நமக்கே தெரியாமல் நேரக்கூடியது என்பதால், பிறர் வழியாக அல்லாமல் நானே சொல்வது முறை என்று நினைத்தேன். உங்கள் வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சீருடை, துவைக்கும் வசதி, பணிநேரம் ஆகியவற்றில் நான் செய்யக்கூடியது இருந்தால் சொல்லுங்கள். உடல்நலம் காரணமாக இருந்தால் அதன் விவரத்தை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. இக்குறிப்பு உங்கள் பணிக்கோப்பில் சேராது."

'உங்களிடமிருந்து' என்று எழுதாமல் 'உடையிலிருந்து' என்று எழுதியது வெறும் நாசூக்கு அன்று. வியர்வை சுரக்கும்போது அதற்குப் பெரிதாக வாடை இருப்பதில்லை. தோலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. பாலியஸ்டர் துணி பருத்தியைவிட அந்த வாடையை அதிகம் பிடித்துவைத்துக்கொள்வதால், துவைத்த சட்டையும் உடல் சூடுபட்டதும் மீண்டும் வாடை அடிக்கலாம். ஈரம் காயத் தாமதமானால் மக்கல் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

அந்த இளைஞர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்ன காரணமும் அதுதான். மேன்ஷன் அறை ஒன்றில் மூவரோடு தங்கியிருந்த அவரிடம் இருந்தவை இரண்டே பாலியஸ்டர் சீருடைச் சட்டைகள். மழையில் வெளியே காயப்போட வழியின்றி, அறைக்குள் கட்டிய கொடியில் அரைகுறையாகக் காய்ந்ததையே அணிந்து வந்திருக்கிறார். நாங்கள் பருத்தி கலந்த சட்டைகள் இரண்டைக் கூடுதலாகக் கொடுத்து, வந்ததும் உடை மாற்றிக்கொள்ளப் பத்து நிமிடமும் ஒதுக்கினோம்.

மேலாளர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, "புதுச் சட்டை அளவு சரியாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.