ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் 50 மில்லி விநாடி

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 37 கிலோவாட், அதாவது 50 எச்.பி. மோட்டார் ஒன்று காற்றோட்ட விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பல வருடம் ஒரு தொல்லையும் தரவில்லை. பிறகு அதே மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் வேறொரு விசிறிக்கு மாற்றினார்கள். அந்த விசிறி எதிர்த்திசையில் சுற்ற வேண்டியது. ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிப் போட்டதும் திசை சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து சில நாள் ஸ்டார்ட் செய்யும்போது பிரேக்கர் டிரிப் ஆகத் தொடங்கியது. விசிறி அழகாக வேகமெடுக்கும், டெல்டாவுக்கு மாறும் நொடியில் 'டப்' என்று எல்லாம் நின்றுவிடும். அடுத்த முறை போட்டால் ஓடும். டைமரை மாற்றினார்கள், கான்டாக்டரை மாற்றினார்கள், பிரேக்கரையும் மாற்றினார்கள். என்னைக் கூப்பிட்டபோது மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புவதுதான் பாக்கி.

மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. குறை மூன்று கம்பிகள் போய்ச் சேரும் இடத்தில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

அந்த மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 65 ஆம்பியர். நேரடியாக 415 வோல்ட்டில் போட்டால் நின்ற நிலையில் அது கிட்டத்தட்ட ஆறு மடங்கு, 390 ஆம்பியர் இழுக்கும். அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. மோட்டாருக்குள் மூன்று வைண்டிங்குகள், ஆறு முனைகள். தலைகள் U1, V1, W1. வால்கள் U2, V2, W2. மூன்று வால்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் ஸ்டார். அப்போது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 415 வோல்ட் கிடைக்காது, 240 வோல்ட்தான் கிடைக்கும். ஒவ்வொரு வாலையும் இன்னொரு வைண்டிங்கின் தலையோடு சேர்த்தால் டெல்டா. அப்போது வைண்டிங்குக்கு முழு 415 வோல்ட்.

ஸ்டாரில் வைண்டிங் மின்னழுத்தம் 1.73 மடங்கு குறைகிறது, அதனால் வைண்டிங்கில் ஓடும் மின்னோட்டமும் 1.73 மடங்கு குறைகிறது. டெல்டாவில் லைன் கம்பி இரண்டு வைண்டிங்குகளுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் அங்கே லைன் மின்னோட்டம் வைண்டிங் மின்னோட்டத்தைப் போல 1.73 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. ஆக லைன் மின்னோட்டம் இரண்டு முறை 1.73-ஆல் வகுபடுகிறது, மூன்றில் ஒரு பங்காகிறது. 390 ஆம்பியர் 130 ஆகிவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. மோட்டாரின் முறுக்கு விசையும் அதே மூன்றில் ஒரு பங்குதான். டேம்பரை மூடிய விசிறி, வால்வை மூடிய பம்பு போன்றவை இதைத் தாங்கும். சுமை ஏற்றிய கன்வேயர் தாங்காது. பாதி வேகத்திலேயே திணறி நிற்கும், அந்த நிலையில் டெல்டாவுக்கு மாற்றினால் நேரடியாகப் போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மூன்று கான்டாக்டர்கள். மெயின் கான்டாக்டர் லைனை மூன்று தலைகளுக்குக் கொடுக்கிறது. ஸ்டார் கான்டாக்டர் மூன்று வால்களையும் ஒன்றாக்குகிறது. டெல்டா கான்டாக்டர் வால்களுக்கு லைனைக் கொடுக்கிறது. ஓவர்லோடு ரிலே வழக்கமாக மெயின் கான்டாக்டருக்கும் தலைகளுக்கும் நடுவே இருக்கும். அங்கே ஓடுவது வைண்டிங் மின்னோட்டம் மட்டும்தான் என்பதால் ரிலேயை 65-இல் வைக்கக் கூடாது. 65-ஐ 1.73-ஆல் வகுத்து 37 அல்லது 38 ஆம்பியரில் வைக்க வேண்டும். பெயர்ப்பலகையில் 65 என்று பார்த்து அப்படியே 65-இல் திருப்பிவிட்ட பல ஸ்டார்ட்டர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மோட்டார்களுக்குப் பாதுகாப்பு இருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், உண்மையில் இல்லை.

இனி கன்ட்ரோல். பச்சைப் பட்டனை அழுத்தினால் முதலில் ஸ்டார் கான்டாக்டர் இழுக்கும். அதன் துணைக் கான்டாக்ட் மூடிய பிறகுதான் மெயின் கான்டாக்டரின் காயிலுக்குக் கரண்ட் போகும். மெயின் இழுத்ததும் தன் துணைக் கான்டாக்ட் வழியே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், பட்டனை விட்டுவிடலாம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஸ்டார் கான்டாக்டர் கரண்ட் இல்லாத நிலையில் மூடுகிறது, மூடும்போது வரும் பொறி முழுவதையும் மெயின் வாங்கிக்கொள்கிறது. டைமர் ஓடி முடிந்ததும் ஸ்டார் விடுபடும், சிறிய இடைவெளி விட்டு டெல்டா இழுக்கும். மெயின் கடைசி வரை விடாது.

ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் மூடியிருக்கக் கூடாது. டெல்டா கான்டாக்டர் மூன்று ஃபேஸ்களையும் வால்களுக்குக் கொண்டுவருகிறது, ஸ்டார் அதே வால்களை ஒன்றாகக் கட்டியிருக்கிறது. மூன்று ஃபேஸும் நேருக்கு நேர் ஷார்ட். அதனால்தான் டெல்டா காயிலின் பாதையில் ஸ்டாரின் வழக்கமாக மூடியிருக்கும் துணைக் கான்டாக்டையும், ஸ்டார் காயிலின் பாதையில் டெல்டாவினுடையதையும் போடுகிறோம். ஸ்டாரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் அதன் துணைக் கான்டாக்ட் மூடாது, டெல்டா இழுக்கவே இழுக்காது. மோட்டார் ஸ்டாரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், சுமை ஏறினால் ஓவர்லோடு ரிலே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் துணைக் கான்டாக்ட் மட்டும் போதாது. முனைகள் பிரிந்த பிறகும் அவற்றுக்கிடையே மின்பொறி சில மில்லி விநாடிகள் எரிந்துகொண்டிருக்கும். அது அணைவதற்கு முன் டெல்டா மூடினால் ஷார்ட்தான். அதற்காகவே ஸ்டார் டெல்டா டைமர்கள் சுமார் 50 மில்லி விநாடி இடைவெளி விடுகின்றன. நம் ஆலையின் சிக்கல் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது.

ஸ்டார் விடுபட்டதும் மோட்டாரில் மின்சாரம் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ரோட்டரின் கம்பிகளில் கரண்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரோட்டர் காந்தமாகவே சுழல்கிறது. மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டர் போல வைண்டிங்கில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். ரோட்டர் லைனின் அலையோடு சேர்ந்தும் சுற்றுவதில்லை. நான்கு துருவ மோட்டாரில் லைனின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டர் 1425-இல் இருந்தால் 5 சதவீதம் பின்தங்குகிறது, 50 ஹெர்ட்சில் அது விநாடிக்கு 2.5 சுழற்சி. 50 மில்லி விநாடியில் ஒரு சுழற்சியில் எட்டில் ஒரு பங்கு, 45 டிகிரி. அதாவது டெல்டா மூடும் நேரத்தில் மோட்டாரின் எஞ்சிய மின்னழுத்தம், ஸ்டாரில் இருந்த இடத்திலிருந்து 45 டிகிரி பின்னால் போயிருக்கும்.

அப்போது டெல்டா கொண்டுவரும் 415 வோல்ட் எந்தக் கோணத்தில் வருகிறது? அது வால்களை எந்தத் தலையோடு சேர்த்தோம் என்பதைப் பொறுத்தது. டெல்டா கட்ட இரண்டு வழிகள் உண்டு:

```
A:  U1-V2   V1-W2   W1-U2
B:  U1-W2   V1-U2   W1-V2
```

மோட்டார் டெர்மினல் பெட்டியில் பித்தளைப் பட்டைகளை நேராகப் போட்டால் வருவது B. இரண்டிலும் மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும், ஓடும்போது ஒரே கரண்ட்தான் எடுக்கும். அதனால் இவற்றுக்கிடையே வித்தியாசமே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். ஃபேஸ்கள் U, V, W என்ற வரிசையில் வரும்போது, A வழியில் வைண்டிங்கின் டெல்டா மின்னழுத்தம் ஸ்டாரில் இருந்ததைவிட 30 டிகிரி பின்னால் வரும். B வழியில் 30 டிகிரி முன்னால் வரும்.

எஞ்சிய மின்னழுத்தம் 45 டிகிரி பின்னால் இருக்கிறது. A வழியில் இரண்டுக்கும் இடைவெளி 15 டிகிரி. B வழியில் 75 டிகிரி. எஞ்சியது 200 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், வைண்டிங்கின் மீது திடீரென்று விழும் வித்தியாசம் A-இல் சுமார் 230 வோல்ட், B-இல் சுமார் 410 வோல்ட். மாறும் நொடியில் பாயும் கரண்ட் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. B-இல் அது கிட்டத்தட்ட முழு மின்னழுத்தத்தில் நேரடியாகப் போட்டதற்குச் சமம். இத்தனை விநாடி ஸ்டாரில் ஓட்டியதற்கு அந்த நொடியில் பலனே இல்லை.

லைன் அலையின் எந்தப் புள்ளியில் முனைகள் தொடுகின்றன என்பதைப் பொறுத்து அந்த உச்சம் கூடும், குறையும். பிரேக்கர் சில நாள் டிரிப் ஆகிச் சில நாள் விட்டுவிட்டது அதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். உச்சத்தைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மீட்டரை, டெல்டாவுக்கு மாறும் நேரத்தில் போட்டுப் பார்த்தால்தான் அகப்படும். டைமரில் இடைவெளியை நீட்டிப் பார்த்ததும் உதவவில்லை. 150 மில்லி விநாடியில் எஞ்சிய மின்னழுத்தம் 135 டிகிரி பின்னால் போய்விடும். அது மங்கி முடிவதற்குள் எதிர்ப்பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மங்கும்வரை காத்திருந்தால் விசிறி வேகம் இழந்துவிடும்.

அந்த ஸ்டார்ட்டர் முதலில் A வழியில் சரியாகத்தான் கட்டப்பட்டிருந்தது. உள்வரும் கம்பி இரண்டை மாற்றியபோது ஃபேஸ் வரிசை தலைகீழானது. 30 டிகிரி பின்னால் வந்தது 30 டிகிரி முன்னால் வரத் தொடங்கியது. பெட்டிக்குள் ஒரு கம்பியும் நகரவில்லை, ஆனால் A வழி B-யின் வேலையைச் செய்ய ஆரம்பித்தது. யாரும் சந்தேகப்படாததில் ஆச்சரியமில்லை.

இதை நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. ஃபேஸ் வரிசை மீட்டரை U1, V1, W1-இல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வைண்டிங்கின் வாலும், அதன் தலைக்கு முந்தி வரும் ஃபேஸில் சேர வேண்டும். வரிசை U, V, W என்றால் U-வுக்கு முந்தியது W, ஆகவே U2 போக வேண்டியது W1 இருக்கும் ஃபேஸுக்கு. வரிசை தலைகீழ் என்றால் U-வுக்கு முந்தியது V, அப்போது U2 போக வேண்டியது V1 பக்கம், அதாவது B வழி.

நாங்கள் செய்ததும் அவ்வளவுதான். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டு போட்டோம். டெல்டா கான்டாக்டரின் வெளிப்பக்கம் மூன்று வால் கம்பிகளையும் சுற்றாக ஓர் இடம் நகர்த்தினோம். ஸ்டார் கான்டாக்டருக்குப் போகும் இணைப்பைத் தொடத் தேவையில்லை, அங்கே மூன்றும் ஒன்றாகத்தானே சேர்கின்றன. வேலை முக்கால் மணி நேரம். பழைய டைமர் நேரத்திலேயே போட்டோம், மாறும்போது வந்த அந்த உறுமல் இல்லை.

திசை மாற்றத்தை மோட்டார் பக்கம் செய்திருந்தால் வேறு தொல்லை வந்திருக்கும். A வழியில் கட்டிய மோட்டாரில் U1, V1 கம்பிகளை மட்டும் மாற்றிப் போட்டால் ஸ்டாரில் எதிர்த்திசையில் நன்றாக ஓடும். டெல்டாவுக்கு மாறியதும் V வைண்டிங்கின் தலையும் வாலும் ஒரே ஃபேஸில் உட்கார்ந்திருக்கும், மற்ற இரண்டு வைண்டிங்குகளும் மீதமுள்ள இரு ஃபேஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். மோட்டார் கர்ஜிக்கும், மூன்று லைன்களில் ஒன்றில் கரண்டே இருக்காது. ஸ்டாரில் மூன்று லைனிலும் சமமாக இருந்து, டெல்டாவில் ஒன்று மட்டும் செத்துப்போனால் ஃபியூஸைத் தேடிப் போக வேண்டாம். டெர்மினல் பெட்டியைத் திறந்து தலைக் கம்பிகளைப் பாருங்கள்.