மழையின் இணைக்கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாணவர்கள் தினமும் மழையை அளந்து, ஊருணியின் படிக்கட்டில் நீர்மட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். அதை வரைபடமாக்கி ஊருணிக் கரையில் ஒட்ட வேண்டும். ஊர்க்காரர்களுக்குத் தமிழ் வேண்டும். விசேஷத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது, ஆங்கிலமும் வேண்டும். ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழ் முதலில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றியதும் எழுத்து வந்துவிட்டது, ஆனால் ‘மழை’ என்ற சொல் மட்டும் உடைந்து நிற்கிறது. ஏன்?

கட்டங்களின் காரணம் எளிது. அவர்கள் பயன்படுத்துவது பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் `matplotlib`. அதன் இயல்பான எழுத்துருவான `DejaVu Sans`-இல் தமிழ் எழுத்துகளே கிடையாது. இல்லாத எழுத்துக்குக் கட்டம் போடுகிறது. தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாவது சிக்கல்தான் அழகானது. ‘மழை’ என்று தட்டச்சு செய்யும்போது கணினிக்குள் மூன்று குறிகள் வரிசையாகச் சேமிக்கப்படுகின்றன: ம, அப்புறம் ழ, அப்புறம் ஐகாரத்துக்கான குறியாகிய இணைக்கொம்பு. நாம் உச்சரிக்கும் வரிசை இதுதான். யூனிகோடு தமிழை இந்த ஒலி வரிசையில்தான் வைத்திருக்கிறது. பழைய தட்டச்சுப்பொறியிலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்பார்கள். ஒலி வரிசையில் வைத்ததால்தான் அகரவரிசைப்படுத்துவதும் தேடுவதும் ஒழுங்காக நடக்கின்றன.

ஆனால் திரையில் காட்டும்போது யாராவது அந்த இணைக்கொம்பைத் தூக்கி ழகரத்துக்கு இடப்பக்கம் வைத்தாக வேண்டும். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர் கையால் செய்த வேலை இது. கணினியில் இதைச் செய்ய ஒரு தனி மென்பொருள் அடுக்கு இருக்கிறது. குரோம், பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அந்த வேலையைப் பார்ப்பது `HarfBuzz` என்ற கட்டற்ற மென்பொருள். அது எழுத்துகளை அசை அசையாகப் பிரிக்கும். ‘கொ’ வந்தால் ஒற்றைக் குறியாகச் சேமிக்கப்பட்ட ஒகரத்தைக் கொம்பாகவும் காலாகவும் உடைக்கும். கொம்பைக் ககரத்துக்கு முன்னால் நகர்த்தும், காலைப் பின்னாலேயே விடும். பிறகு எழுத்துருவுக்குள் இருக்கும் அட்டவணையைப் பார்த்து, மகரமும் உகரக் குறியும் சேர்ந்து வந்தால் ‘மு’ என்ற ஒரே வடிவத்தை எடுத்து வைக்கும். கடைசியாகப் புள்ளியை எழுத்தின் தலைக்கு நேரே நிறுத்தும். இவ்வளவும் நடந்த பிறகுதான் நாம் ஓர் எழுத்தைப் பார்க்கிறோம்.

`matplotlib`-இன் 3.10 வரையான பதிப்புகள் இந்த அடுக்கைக் கூப்பிடுவதில்லை. சேமித்த வரிசையில் ஒவ்வொரு குறியாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். ‘மழை’யிலோ இணைக்கொம்பு கடைசியில் போய் நிற்கிறது. ‘வெப்பம்’ இன்னும் மோசம். வகரத்தின் கொம்பு வலப்பக்கம் தள்ளி விழுவதால், அது அடுத்து வரும் பகரத்தின் கொம்பு போலத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாதவர் வரைந்தால் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார், ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால் எந்த மென்பொருளிலும் முதலில் ‘மழை’, ‘வெப்பம்’, ‘கொள்ளளவு’ என்ற மூன்றையும் அடித்துப் பார்த்துவிடுவது என் பழக்கம். மூன்றும் சரியாக வந்தால் நம்பலாம்.

தீர்வு, எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே வெளியே அனுப்பிவிடுவது. `SVG` என்ற படக் கோப்பு வகையில் அது முடியும். கோப்பை உலாவியில் திறந்தால், கொம்பை நகர்த்தும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும்.

```python
import matplotlib.pyplot as plt
plt.rcParams["font.family"] = ["Noto Sans", "Noto Sans Tamil"]
plt.rcParams["svg.fonttype"] = "none"
fig, ax = plt.subplots()
ax.bar(["3", "4", "5"], [0, 0, 42])
ax.set_title("மழை / Rain, mm", loc="left")
fig.savefig("mazhai.svg")
```

ஒரு குறை உண்டு. சொல்லின் அகலத்தை `matplotlib` தன் பழைய முறையில்தான் கணக்கிடுகிறது. ஆகவே ஓரத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி எழுத்து வெட்டுப்படலாம். அச்சிடுவதானால் உலாவியிலிருந்தே அச்சிடுங்கள். தமிழுக்கென்று ஒதுக்கப்படும் பணத்தில் புதுப்புது எழுத்துருக்களுக்குப் போவதில் ஒரு பங்கை, இப்படிப்பட்ட பொது மென்பொருள்களுக்குள் தமிழைச் சரியாக உட்கார வைக்கும் வேலைக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுத்துரு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த அடுக்கு இல்லாத இடத்தில் அது உடைந்துதான் தெரியும்.

மேலே உள்ள நிரலில் அச்சின் பெயரை நிமிர்த்தி எழுதாமல், இடது மேல்மூலையில் தலைப்பாகப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். தொண்ணூறு பாகை திருப்பிய தமிழைக் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். மேலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘நாளொன்றுக்குப் பெய்த மழையின் அளவு மில்லிமீட்டரில்’ என்பது எந்த அச்சிலும் அடங்காது. ‘மழை’ போதும்.

அலகு ஒரே ஒரு முறை, `mm` என்று. அளவைகளுக்கான பன்னாட்டு விதிப்படி அலகுக் குறியீடுகள் எல்லா மொழிக்கும் பொதுவானவை, அவற்றைச் சுருக்கப் புள்ளி வைத்தோ பன்மையாக்கியோ எழுதுவதில்லை. எனவே இரு மொழிக்கும் ஒரே குறியீடு போதும், இடமும் மிச்சம். சின்ன எழுத்தில் ‘மி’யும் ‘மீ’யும் ஒன்றுபோலத் தெரியும் தொல்லையும் இல்லை. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதில் மட்டும் கவனம் வேண்டும். சிறிய `m` முன்னால் வந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரிய `M` வந்தால் பத்து லட்சம் மடங்கு.

அலகு சரியாக இருந்தும் ஆசிரியையின் வரைபடத்தில் இன்னொரு விசித்திரம் இருந்தது. ஊருணியின் நீர்மட்டம் 4ஆம் தேதியே 15 `cm` ஏறியிருக்கிறது, 42 `mm` மழைக்கான பட்டையோ 5ஆம் தேதியில் நிற்கிறது. ‘ஊருணிக்கு மழை முன்கூட்டியே தெரியும்’ என்று ஒரு பையன் சொன்னானாம். அந்த மாதிரி நம்பிக்கைகள் பிறக்கும் இடம் இதுதான், அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்தியாவில் வானிலைத் துறையின் வழக்கப்படி, காலை 8:30 மணியோடு முடியும் 24 மணி நேர மழை, அது முடிகிற நாளின் பெயரில் பதிவாகிறது. மாணவர்களும் அந்த முறையைத்தான் பின்பற்றியிருந்தார்கள். 4ஆம் தேதி பிற்பகலில் கொட்டிய மழை 5ஆம் தேதிக் கணக்கில் சேர்ந்தது. நீர்மட்டத்தை மட்டும் அவர்கள் மாலையில் பார்த்தார்கள், ஆகவே அதே மழையின் விளைவு 4ஆம் தேதியிலேயே பதிவாகிவிட்டது.

ஏறிய அளவு பெய்த அளவைவிடப் பெரிதாக இருப்பதில் பிழையில்லை. வானத்திலிருந்து நேராக விழுந்தது 42 `mm`தான். மீதி, வரத்து வழியாகச் சுற்றுப்புறத்திலிருந்து ஓடி வந்தது. ஆனால் ஒரே வரைபடத்தில் இடப்பக்கம் `mm`, வலப்பக்கம் `cm` என்று வைத்தால் 15, 42-ஐவிடச் சிறியது என்றே கண் எடுத்துக்கொள்ளும். நான் சொன்னது, மேலும் கீழுமாக இரண்டு படங்கள் போட்டு, தேதி அச்சை மட்டும் பொதுவாக வைக்கும்படி. மேல் படத்தின் தலைப்பு `மழை, காலை 8:30 வரை 24 மணி / Rain, 24 h to 08:30, mm`. கீழ்ப் படத்துக்கு `நீர்மட்டம், மாலை 6 மணி / Level, 18:00, cm`. இனி வரும் பருவத்தில் நீர்மட்டத்தையும் காலை 8:30-க்கே பார்த்துவிட்டால் தலைப்பு இன்னும் சுருங்கும்.