மழைநீர்த் தொட்டி: பிளானில் எந்த அளவைக் காட்டுவது, குழாயை எப்படி வரைவது?

மழைநீர் சேகரிப்பு விதிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தமிழ்நாடு 2003-இல் அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அமைப்பு இருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அமெரிக்க விர்ஜின் தீவுகளின் சட்டம் தொட்டியின் அளவையே சொல்லிவிடுகிறது: ஒரு தள வீட்டுக்குக் கூரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 கேலன். பிரிட்டனில் 2009-இல் வந்த பி.எஸ். 8515 தரநிலை வேறொரு வழி காட்டியது. ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழைநீரில் 5 சதவீதம், ஆண்டு முழுவதும் தேவைப்படும் நீரில் 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவே தொட்டியின் அளவு.

இந்த 5 சதவீதக் கணக்கு எளிது என்பதால் பலரும் அதையே எடுத்துப் பிளானில் போட்டுவிடுகிறார்கள். ஆண்டின் 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 18 நாள். இரண்டரை வாரத்துக்கு மேல் தொடர்ந்து மழை இல்லாமல் இருக்காத ஊருக்கு அது சரியாக இருக்கும். ஐந்து மாதம் வறண்டு கிடக்கும் இடத்தில் அதே தொட்டி, மழைக்காலத்தில் வழிந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்தில் காலியாகக் கிடக்கும். தொட்டியின் அளவை முடிவு செய்வது ஆண்டு மழையளவு இல்லை, மழை இல்லாத இடைவெளியின் நீளம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரை 120 சதுர மீட்டர். இது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் பரப்பு. ஓட்டுக் கூரையானால் சாய்வின் நீளத்தை அளக்கக் கூடாது, ஆனால் சுவருக்கு வெளியே நீளும் பகுதியைச் சேர்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஆவியாவதும் தெறிப்பதும் போகக் கான்கிரீட் தளத்தில் 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால், 1 மி.மீ. மழைக்கு இந்த வீட்டுக்கு 96 லிட்டர். கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 160 லிட்டர் வேண்டும், அதாவது மாதம் 4,800 லிட்டர். 4,800-ஐ 96-ஆல் வகுத்தால் 50. ஆக, மாதம் 50 மி.மீ. பெய்தால் அந்த மாதச் செலவு அந்த மாத மழையிலேயே கழிந்துவிடும். அதற்குக் கீழே போகும் மாதங்கள்தான் தொட்டியிலிருந்து கடன் வாங்குகின்றன.

ஆண்டு மழை 1,000 மி.மீ. என்று கொள்வோம். ஜனவரியில் 10, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சுத்தமாக இல்லை, ஏப்ரலில் 20, மே மாதம் 40, ஜூனில் 50, மீதி முழுவதும் ஜூலையிலிருந்து டிசம்பருக்குள். பற்றாக்குறை முறையே 40, 50, 50, 30, 10. கூட்டினால் 180 மி.மீ. இதை 96-ஆல் பெருக்கினால் 17,280 லிட்டர். டிசம்பர் கடைசியில் இவ்வளவு தண்ணீர் தொட்டியில் இருந்தால் ஜூன் வரை தட்டுப்பாடு வராது.

5 சதவீதக் கணக்கில் இதே வீட்டுக்கு வருவது வெறும் 2,920 லிட்டர். 3,000 லிட்டர் தொட்டி வைத்தால் ஜனவரி 25 வாக்கில் தீர்ந்துவிடும். 10,000 லிட்டர் வைத்தால் மார்ச் இரண்டாம் வாரம் வரை ஓடும். முழு அளவுக்கு இடம் இல்லையென்றால் எந்த மாதம் வரை தாங்கினால் போதும் என்று வீட்டாரே இப்படிப் பார்த்து முடிவு செய்யலாம். இன்னொன்று: சராசரி மழையை வைத்துப் போட்ட கணக்கு, மழை குறைந்த ஆண்டில் பொய்த்துப் போகும். பக்கத்து மழைமானி நிலையத்தின் பதிவில் மழை குறைந்த ஓர் ஆண்டை எடுத்து அதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி பிளான். மொட்டைமாடி வரைபடத்தில் தளத்தின் வாட்டத்தை அம்புக்குறியால் காட்டி, மழைநீர் இறங்கும் குழாய்களைக் குறிக்க வேண்டும். நம் வீட்டில் இரண்டு என்று வைப்போம். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் சேர்ந்து வரும்; முதல் 1 மி.மீ.-ஐ ஒதுக்கினால் மொத்தம் 120 லிட்டர், குழாய்க்கு 60 லிட்டர். இங்கேதான் பல வரைபடங்கள் தவறுகின்றன. 110 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8.5 லிட்டர்தான் பிடிக்கும். 60 லிட்டருக்கு 7 மீட்டர் குழாய் வேண்டும். இரண்டடிக் குழாயை வரைந்து ‘முதல் மழைநீர் ஒதுக்கி’ என்று எழுதினால் அழுக்கு நேரே தொட்டிக்குத்தான் போகும். தரைமட்டத்தில் சின்ன அறையாகவே கட்டி, கீழே வடிகால் திருகுடன் காட்டுவது நல்லது.

மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் எல்லாக் குழாயும் அழகாகச் சேர்ந்துவிடும். தண்ணீர் ஓடுமா என்பது வெட்டுத்தோற்றத்தில்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு முனையிலும் குழாயின் உள்ளடி மட்டத்தை எழுதுங்கள். தரையை 0 என்று வைத்தால், தூரத்துக் குழாய், தொட்டிக்கு முன்னால் நீரை வடிகட்டும் வடிகட்டி அறையை விட்டு -0.30 மீட்டரில் கிளம்புகிறது. 15 மீட்டர் ஓட்டம், 100-க்கு 1 சரிவு. தொட்டியை அடையும்போது -0.45. தொட்டி நிறைந்ததும் மிகுநீர் வெளியேற வைக்கும் வழியும் குழாய் அதைவிடக் கீழே, -0.55-இல். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் இந்தக் கூரையிலிருந்து நொடிக்கு 3.3 லிட்டர் வரும், 110 மி.மீ. குழாய் இந்தச் சரிவில் அதைத் தாங்கும். வழியும் குழாய் உள்ளே வரும் குழாயைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது.

தொட்டியின் அளவும் இந்த மட்டங்களிலிருந்தே கிடைக்கிறது. உள்ளளவு 4 மீட்டருக்கு 2.5 மீட்டர் என்றால் பரப்பு 10 சதுர மீட்டர். மோட்டார் உறிஞ்சும் வாய், வண்டலை இழுக்காதபடி தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கட்டும். அங்கிருந்து வழியும் மட்டம் வரை 1.75 மீட்டர், அதாவது 17,500 லிட்டர். அதற்கு மேல் 30 செ.மீ. காலி இடம். மொத்த உள்ளாழம் 2.2 மீட்டர், தொட்டியின் அடித்தளம் -2.45. ‘17,500 லிட்டர்’ என்று எழுதும்போது இந்தப் பயன்படும் கொள்ளளவையே எழுத வேண்டும், மொத்த 22,000-ஐ இல்லை. நிலத்தடி நீர் இந்த ஆழத்துக்கு ஏறும் இடமானால், காலித் தொட்டியை நீர் மேலே தூக்கிவிடும். அங்கே கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் வரைபடத்தை முடிக்கக் கூடாது.

அப்புறம், வழியும் நீர் போய்ச் சேரும் இடம். தொட்டியிலிருந்து 6 மீட்டர் தள்ளி உறைகிணறு இருந்தால், அதே சரிவில் குழாய் -0.61-இல் போய்ச் சேரும். உறைகிணற்றில் நீர் நுழையும் வாய் -0.50-இல் இருந்தால் நீர் அங்கே சரிவாக இறங்காது. கன மழையில் தொட்டியின் நீர் வழியும் மட்டத்துக்கு மேலே ஏறி, உள்ளே வரும் குழாயிலும் பின்னோக்கித் தேங்கும். வரைபடத்தில் இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும், தோண்டுவதற்கு முன்பே பிழை தெரிந்துவிடும். சரிசெய்ய உறைகிணற்றின் வாயைத் தாழ்த்தலாம், அல்லது தொட்டியை மழைநீர் இறங்கும் குழாய்க்கு அருகில் நகர்த்தி மட்டங்களை உயர்த்தலாம்.

வறண்ட மாதத்தில் குடிநீர் இணைப்பிலிருந்து தொட்டியை நிரப்பும் திட்டம் இருந்தால், அந்தக் குழாயின் வாய் வழியும் மட்டத்துக்கு மேலே, காற்றிடைவெளி விட்டு நிற்பதாக வரைந்து காட்டுங்கள். தொட்டியிலிருந்து கழிப்பறைக்கும் துவைக்கும் இடத்துக்கும் போகும் குழாய் தனி நிறத்தில் இருக்கட்டும். அது குடிநீர்க் குழாயுடன் எங்கேயும் சேரக் கூடாது.