அரபியில் இருக்கும் போனில் தமிழ் கீபோர்டு: போனின் மொழியைத் தொடாமல் சேர்க்கும் வழி

மேலூரில் இருக்கும் ஒரு அக்காவின் போன் டிஸ்ப்ளே உடைந்து மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கிடக்கிறது. அது திரும்பி வரும்வரை, ரியாத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் தம்பியின் இரண்டாவது போனை வைத்துச் சமாளிக்க வேண்டும். அந்தப் போன் முழுக்க அரபி. "மொழிய மாத்திராதண்ணே, தம்பி திரும்ப எடுத்துட்டுப் போவான், அவனுக்கு அதுதான் பழக்கம். எனக்கு வாட்ஸ்அப்ல தமிழ்ல அடிக்க வந்தாப் போதும்" என்பதுதான் கோரிக்கை. மதுரைப் பக்கம் கடைகளுக்கு இப்படி வருகிற போன்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா கேட்டதில் ஒரு தெளிவு இருக்கிறது. போனின் மொழி வேறு, கீபோர்டின் மொழி வேறு. போனின் மொழி என்பது மெனுக்களும் எச்சரிக்கைகளும் எந்த மொழியில் வரும் என்பது. கீபோர்டு என்பது நாம் எந்த எழுத்தில் அடிக்கிறோம் என்பது. ஒன்றைத் தொடாமலே மற்றதைச் சேர்க்கலாம். பலர் தமிழ் வேண்டுமென்று செட்டிங்ஸுக்குள் போய், மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து முதல் இடத்துக்கு இழுத்துவிடுவார்கள். உடனே போன் முழுக்கத் தமிழாகிவிடும். பிறகு தம்பிக்கு அது புரியாத போன்.

செட்டிங்ஸ் வழியாகப் போகாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் மொழி பற்றிய பக்கம் இருக்கும் அதே மெனுவில்தான் போனை ரீசெட் செய்யும் பக்கமும் இருக்கிறது. எழுத்துத் தெரியாமல் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்ப்பது அந்த இடத்தில் நல்லதல்ல. إعادة என்ற சொல் உள்ள வரி கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். 'மறுபடி' என்ற பொருளில் வரும் சொல் அது. ரீசெட் வரிகளில் பெரும்பாலும் அது இருக்கும்.

கீபோர்டிலிருந்தே நேரடியாக அதன் செட்டிங்ஸுக்குப் போவதுதான் பாதுகாப்பான பாதை. வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு உரையாடலைத் திறந்து, எழுதும் பெட்டியைத் தொட்டுக் கீபோர்டை வரவழையுங்கள். கூகுளின் ஜிபோர்டாக இருந்தால், எழுத்துகளுக்கு மேலே உள்ள பட்டையில் பல்சக்கரச் சின்னம் இருக்கும். அது தெரியவில்லையென்றால், அதே பட்டையின் ஓரத்தில் நான்கு சிறு கட்டங்கள் சேர்ந்த சின்னத்தையோ அம்புக்குறியையோ தட்டினால் உள்ளே இருக்கும். பல்சக்கரத்தைத் தட்டியதும் ஜிபோர்டின் சொந்த செட்டிங்ஸ் திறக்கும். இங்கே எதை அழுத்தினாலும் கீபோர்டோடு போகும், போனை ஒன்றும் செய்யாது.

உள்ளே போனதும் எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். அரபி வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் திரையும் அப்படியே புரண்டுவிடும். நமக்கு இடது ஓரத்தில் வரும் சின்னங்கள் வலது ஓரத்தில் நிற்கும். பின்னால் போகும் அம்பு மேலே வலது மூலையில், வலப்பக்கம் பார்த்து இருக்கும். ஆன்-ஆஃப் சுவிட்சும் தலைகீழ்; அதன் குமிழ் இடப்பக்கம் இருந்தால்தான் ஆன். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள். நிறம் ஏறியிருந்தால் ஆன், வெளிறியிருந்தால் ஆஃப். பழக்க தோஷத்தில் ஆனில் இருந்ததை ஆஃப் என்று நினைத்துத் தட்டிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

ஜிபோர்டு செட்டிங்ஸில் முதல் வரியே மொழிகள். பக்கத்தில் உலக உருண்டைச் சின்னம் இருக்கும். அரபியில் اللغات என்று எழுதியிருக்கும். அதைத் தட்டினால், ஏற்கெனவே உள்ள கீபோர்டுகளின் பட்டியல் வரும். அதன் அடியில் அகலமான ஒரு பட்டன், إضافة لوحة مفاتيح. கீபோர்டைச் சேர் என்று பொருள்.

அடுத்து வருவது உலக மொழிகளின் நீண்ட பட்டியல். இந்தியச் சிம் போட்டிருந்தால் தமிழ் மேலேயே பரிந்துரையாக வர வாய்ப்பு அதிகம். வராவிட்டால் உருட்டித் தேட வேண்டாம். மேலே பூதக்கண்ணாடிச் சின்னம் இருக்கும், அதைத் தட்டித் தேடலாம். ஆனால் தமிழ் கீபோர்டே இல்லாத போனில் தமிழ் என்று எப்படி அடிப்பது? வேறொரு போனிலிருந்து அந்தப் போனுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு சொற்களை அனுப்புங்கள்: தமிழ் என்பது ஒன்று, التاميلية என்பது மற்றொன்று. இரண்டாவது, தமிழுக்கு அரபிப் பெயர். பட்டியல் சில போன்களில் அந்தந்த மொழியின் சொந்த எழுத்திலும், சிலவற்றில் போனின் மொழியிலும் பெயர் காட்டும் என்பதால் இரண்டும் கையில் இருக்கட்டும். காப்பி செய்து, தேடும் பெட்டியில் விரலை அழுத்திப் பிடித்தால் சிறு மெனு வரும். அதில் لصق என்பதுதான் பேஸ்ட்.

தமிழைத் தட்டியதும் கீபோர்டு வடிவங்கள் சிறு படங்களாக வரும். படங்களாக இருப்பதால் இங்கே அரபி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நேரடித் தமிழ் எழுத்துகள் உள்ள கீபோர்டு ஒன்று. abc → தமிழ் என்று குறித்திருக்கும் இன்னொன்று, அம்மா என்று வர amma என்று ஆங்கிலத்தில் அடிப்பது. விரலால் எழுதுவதற்கான வெற்றுப் பலகை வேறொன்று. வேண்டியதன்மேல் டிக் விழ வேண்டும். வேண்டாததைத் தட்டி டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் பின்னால் மாற்றி மாற்றி அல்லாட வேண்டியிருக்கும். கடைசியில் கீழே تم என்ற பட்டன். முடிந்தது என்று பொருள். அதை அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் சேராது. 'எல்லாம் பண்ணினேன், தமிழ் வரலை' என்று வருபவர்களில் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

வாட்ஸ்அப்புக்குத் திரும்பினால் கீபோர்டின் கீழ்வரிசையில் உலக உருண்டைச் சாவி வந்திருக்கும். தட்டத் தட்ட ஸ்பேஸ் பாரின்மேல் மொழியின் பெயர் மாறும். العربية என்றிருந்தது தமிழ் என்றாகும். abc → தமிழ் முறையில் எழுத்து மாறாமல் vanakkam என்றே நின்றால் பதற வேண்டாம், அந்த மொழிக்கான கோப்பு இன்னும் இறங்கவில்லை. டேட்டாவை ஆன் செய்து சற்றுப் பொறுங்கள்.

தமிழைச் சேர்க்கும்போதே ஆங்கிலமும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதே வழியில் இந்திய ஆங்கிலத்தையும் சேருங்கள். காரணம் எண்கள். அரபிக் கீபோர்டில் எண்கள் ٤ ٥ ٦ என்ற வடிவில் விழலாம். பார்ப்பவருக்கு அது 4 5 6 தான். ஆனால் கணினிக்கு அவை வேறு எழுத்துகள். ஓடிபியையோ தொகையையோ அப்படி அடித்தால் சில செயலிகள் தவறு என்று திருப்பிவிடும், காரணமும் சொல்லாது. சொன்னாலும் அரபியில்தான் சொல்லும்.

சாம்சங் போனில் பெரும்பாலும் அவர்களின் சொந்தக் கீபோர்டுதான் இருக்கும். அங்கேயும் மேல்பட்டையில் பல்சக்கரம், உள்ளே முதல் வரி மொழிகள், அதற்குள் மொழிகளை நிர்வகிக்கும் வரி. தமிழுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் முதலில் அதைத் தட்டி இறக்க வேண்டும், பிறகு சுவிட்சை ஆன் செய்ய வேண்டும். எழுதும்போது ஸ்பேஸ் பாரை இடமோ வலமோ தள்ளினால் மொழி மாறும். ஒரு போனில் ஜிபோர்டும் சாம்சங் கீபோர்டும் இருக்கும்போது ஒன்றில் சேர்த்த தமிழ் மற்றதில் வராது. ஐபோனில் உருண்டைச் சாவியையோ ஸ்மைலிச் சாவியையோ அழுத்திப் பிடித்தால் வரும் சிறு பட்டியலில் மேல் வரிதான் கீபோர்டு செட்டிங்ஸ்.

இந்த வழியில் எங்கும் பெரிய எச்சரிக்கைப் பெட்டி வராது. வந்தால் நீங்கள் வேறு பாதையில் போயிருக்கிறீர்கள். அவசரத்தில் பிளே ஸ்டோரில் இருந்து ஏதோ ஒரு தமிழ் கீபோர்டு செயலியை இறக்கி ஆன் செய்யும்போதுதான் ஆண்ட்ராய்டு நிறுத்திக் கேட்கும். கடவுச்சொல், கார்டு எண் உட்பட நீங்கள் அடிக்கும் எல்லாவற்றையும் இந்தச் செயலி சேகரிக்க முடியும் என்பதுதான் அதில் எழுதியிருக்கும். தாய்மொழியில் வந்தாலே பலர் படிக்காமல் சரி என்பார்கள். அரபியில் வந்தால் கேட்கவே வேண்டாம். அதுவும் பட்டன்கள் இடம்மாறி நிற்கும் திரையில், வேண்டாம் என்று நினைத்து அழுத்தியது சரி என்பதாக இருக்கும். போனில் ஏற்கெனவே இருக்கும் கீபோர்டில் தமிழைச் சேர்க்க முடியும்போது புதிதாக ஒன்றை இறக்கத் தேவையில்லை.

சில செயலிகளில் தமிழில் அடித்த வரி வலது ஓரம் ஒட்டி நிற்கும், முற்றுப்புள்ளி மட்டும் வரியின் இடப்பக்கம் போய் உட்காரும். கீபோர்டில் கோளாறு இல்லை. அந்தப் பெட்டி வலமிருந்து இடமாக எழுத அமைந்தது. தமிழ் போனில் திறந்து படிப்பவருக்குப் பெரும்பாலும் சரியாகவே தெரியும்.

அக்காவின் போன் சரியாகி, தம்பியின் போனைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் தமிழை நீக்க வேண்டுமென்றால் அதே اللغات பக்கம்தான். பென்சில் சின்னத்தைத் தட்டித் தமிழைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிச் சின்னத்தை அழுத்தலாம். ஆனால் நடுவில் எந்த நாளிலும் இடைஞ்சல் என்று நினைத்து அரபிக் கீபோர்டை நீக்கிவிடாதீர்கள். தம்பி போனைத் திரும்ப வாங்கி அரபியில் அடிக்கப் பார்த்தால் எழுத்து இருக்காது.