தேடாமல் வரும் வாசகருக்கு எழுதும் தலைப்பும் படமும்: கூகுள் டிஸ்கவரை முன்வைத்து

தமிழில் செய்தித்தளமோ தகவல் தளமோ நடத்துகிறவர்களுக்கு வரும் வாசகர்களில் கணிசமானோர் எதையும் தட்டச்சு செய்து தேடி வருகிறவர்கள் அல்லர். ஆண்ட்ராய்டு கைபேசியின் முகப்புத் திரையை வலப்பக்கமாகத் தள்ளினாலோ கூகுள் செயலியைத் திறந்தாலோ வரிசையாக வந்து நிற்கும் அட்டைகளில் ஒன்றைத் தொட்டு உள்ளே வருகிறார்கள். 2018 முதல் டிஸ்கவர் என்ற பெயரில் இயங்கும் இந்த ஃபீடுக்கு எழுதுவதும் தேடலுக்கு எழுதுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத தளங்கள் முதலில் தேடலுக்கான தலைப்பையே இங்கும் வைக்கின்றன. அது எடுபடவில்லை என்றதும் ‘அதிர்ச்சி’, ‘அவ்வளவுதான்’ என்ற பக்கம் சாய்ந்துவிடுகின்றன. இரண்டுமே தளத்துக்கு இழப்பு என்பதையும், இரண்டுக்கும் நடுவே கடைப்பிடிக்கக்கூடிய ஒரு முறை இருக்கிறது என்பதையும் ஒரே கட்டுரையை எடுத்துக்கொண்டு விளக்க விரும்புகிறேன்.

தேடி வருகிறவர் ஒரு கேள்வியோடு வருகிறார். ‘ஹால்மார்க் சரிபார்ப்பது எப்படி’ என்று அவர் தட்டும் சொற்கள் தலைப்பில் இருந்தால், தனக்கு வேண்டியது இங்கே கிடைக்கும் என்று அவருக்குப் புரிந்துவிடும். ஃபீடில் இருப்பவரிடம் அந்தக் கேள்வி இல்லை. அவர் பேருந்துக்குக் காத்திருக்கலாம். இரவு உணவுக்குப் பிறகு கைபேசியை வெறுமனே புரட்டிக்கொண்டிருக்கலாம். முன்பு எவற்றைப் படித்தார், எவற்றில் ஆர்வம் காட்டினார் என்பதை வைத்து கூகுள் ஊகித்து அட்டையை அவர் முன் நிறுத்துகிறது. ஒரு தளம் கூகுளில் எப்படித் தெரிகிறது என்பதைத் தள உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் டிஸ்கவருக்கான அறிக்கையைத் திறந்தாலே இது தெரியும்: தேடல் அறிக்கையில் தேடு சொற்களின் பட்டியல் இருக்கும், டிஸ்கவர் அறிக்கையில் அப்படி ஒன்று கிடையாது. எந்தச் சொல்லுக்காக எழுதுவது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. மாறாக, இந்தக் கட்டுரையில் மட்டும் உள்ள எந்த ஒரு தகவல், கேள்வியே கேட்காத ஒருவரையும் நிறுத்திப் படிக்க வைக்கும் என்பதை எழுதுகிறவர் கண்டுபிடித்தாக வேண்டும்.

இனி அந்தக் கட்டுரைக்கு வருவோம். தங்க நகை வாங்குகிறவர்களுக்கான வழிகாட்டி அது. 2023 ஏப்ரல் 1 முதல், கட்டாய ஹால்மார்க் விதிக்கு உட்பட்ட நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி குறியீடு இருக்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும் இந்தக் குறியீட்டை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், ஹால்மார்க் பெற்ற நகைக்கடைக்காரரின் பதிவு, பரிசோதித்த மையம், தங்கத்தின் தூய்மை, நகையின் வகை ஆகிய விவரங்கள் வரும். இதைப் பற்றித்தான் கட்டுரை.

இதற்கு வழக்கமாக வரும் முதல் தலைப்பு இப்படி இருக்கும்: ‘ஹெச்யுஐடி என்றால் என்ன? முழு விவரம்’. தேடலுக்கு இது போதும். ஃபீடில் ஹெச்யுஐடி என்பதைக் கேள்விப்பட்டிராத ஒருவரை இது நிறுத்தாது. செய்தி அறைகளில் இருந்து வரும் தலைப்பு வேறு மாதிரி இருக்கும்: ‘இந்திய தர நிர்ணய அமைவனம் அறிமுகப்படுத்தியுள்ள ஆறு இலக்க அடையாளக் குறியீட்டைக் கொண்டு தங்க நகையின் விவரங்களை வாடிக்கையாளர்களே சரிபார்க்கலாம்’. பிழையில்லாத வாக்கியம். ஆனால், தமிழில் வினை கடைசியில் வருவதால் வாசகருக்குப் பயன்படும் செய்தி முழுவதும் வாக்கியத்தின் வாலில் போய் நிற்கிறது. டிஸ்கவர் அட்டையில் தலைப்புக்குச் சில வரிகளே இடம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. சிறிய திரையில் ‘குறியீட்டைக் கொண்டு…’ என்ற அளவிலேயே தலைப்பு அறுந்துவிடக்கூடும். அமைப்பின் பெயர் மட்டும் தெரியும், சேதி தெரியாது.

மூன்றாவது வகை எல்லோருக்கும் தெரிந்ததே: ‘தங்கம் வாங்கப் போறீங்களா? இதைப் பார்க்காம வாங்கினா அவ்வளவுதான்!’ அல்லது ‘உங்கள் நகை போலியா? ஒரே நொடியில் கண்டுபிடிக்கலாம்!’ முதலாவது சேதியை மறைக்கிறது. இரண்டாவது பொய் சொல்கிறது. அந்தச் செயலி நகையை உரசிப் பார்ப்பதில்லை. அந்தக் குறியீட்டின் பேரில் பதிவாகியிருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. ஒரு நகையின் குறியீட்டை இன்னொன்றில் பொறித்து ஏமாற்ற வழி இருக்கும்போது, ‘போலியைக் கண்டுபிடிக்கலாம்’ என்ற வாக்குறுதியைக் கட்டுரையால் நிறைவேற்ற முடியாது. தலைப்பும் முன்னோட்டமும் தரும் வாக்குறுதி உள்ளே இல்லாவிட்டால் அது கூகுளின் டிஸ்கவர் கொள்கைக்கு எதிரானது. சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கையாகவே வந்து நிற்கலாம். அதற்கும் முன்னதாக, ஏமாந்த வாசகர் அட்டையின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, இந்தத் தளத்தைக் காட்டாதே என்று சொல்லிவிடுவார். அவரை மீட்டுக் கொண்டுவருவது மிகக் கடினம்.

நல்ல தலைப்பு கட்டுரைக்குள்ளேயே இருந்தது. செயலி காட்டும் விவரங்களில் நகையின் வகையும் உண்டு. கையில் இருப்பது சங்கிலி, செயலியில் வருவது மோதிரம் என்றால், அந்தக் குறியீடு அந்தச் சங்கிலிக்கு உரியதல்ல. கடையில் நின்றபடியே ஒருவர் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. கட்டுரையில் பத்தாவது பத்தியில் ஒளிந்திருந்த இந்தத் தகவலைத்தான் தலைப்புக்குக் கொண்டுவர வேண்டும்:

‘ஹால்மார்க் எண்ணைச் செயலியில் இட்டால் நகையின் வகையும் தெரியும்: கடையிலேயே சரிபார்ப்பது எப்படி?’

பத்தே சொற்கள். ‘தெரியும்’ என்ற இடத்தில் அறுந்தாலும் பொருள் முழுமையாக நிற்கிறது. தலைப்பே சேதியைச் சொல்லிவிட்டால் யார் உள்ளே வருவார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சுவது உண்டு. எங்கே பார்ப்பது, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பவை எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. அவற்றுக்காக வருகிறவர் கடைசிவரை படிக்கிறார். தலைப்பில் மறைக்க வேண்டியது எதுவுமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

படத்திலும் இதே நோக்குதான். இத்தகைய கட்டுரைக்குப் பெரும்பாலும் கழுத்து நிறைய ஆரம் அணிந்த மணப்பெண் படமோ, சிவப்பு அம்புக்குறியுடன் ‘உஷார்!’ என்று பெரிதாக எழுதிய தம்ப்நெயிலோ வைக்கப்படுகிறது. முன்னது தங்கம் பற்றிய எந்தச் செய்திக்கும் பொருந்தும் என்பதால் எதையும் சொல்வதில்லை. பின்னதில் இருப்பது படமே அல்ல, இரண்டாவது தலைப்பு; எழுத்து நிறைந்த படங்களைத் தவிர்க்கும்படி கூகுளே சொல்கிறது. தளத்தின் லோகோவை வைப்பதும் கூடாது. இந்தக் கட்டுரைக்குரிய படம் மோதிரத்தின் உட்புறம்: முக்கோண வடிவ பிஐஎஸ் முத்திரை, 22K916 என்ற தூய்மைக் குறி, அடுத்து ஆறு இலக்கக் குறியீடு. சன்னல் வெளிச்சத்தில், கைபேசியின் மேக்ரோ வசதியில் எடுக்கலாம். கண்ணுக்கே எட்டாத பொறிப்பு திரை முழுக்கப் பெரிதாகத் தெரியும்போது, தன் விரலில் உள்ள மோதிரத்தைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும். ஒரு எச்சரிக்கை: குறியீடு ஒருவருடைய நகைக்கு மட்டும் உரியது என்பதால் கடைசி இரண்டு எழுத்துகளை மறைத்துவிட்டே வெளியிட வேண்டும்.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது ஓரத்தில் சிறு சதுரமாக வந்துவிட்டால் பயனில்லை. அட்டையின் முழு அகலத்துக்கும் படம் வர வேண்டுமானால் அகலம் குறைந்தது 1200 பிக்சல் இருக்க வேண்டும். 16:9 விகிதத்தில் அது 1200க்கு 675. கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தைக் கொடுத்தால் கூகுள் தானாகக் கிராப் செய்யும்போது மோதிரம் பாதியில் வெட்டுப்படலாம் என்பதால், நாமே கிடைமட்டமாக வெட்டி, பொறிப்பு நடுவில் வரும்படி கொடுப்பது நல்லது. அதோடு, பெரிய படத்தைக் காட்ட அனுமதிக்கும் குறியும் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டுரையின் மூல நிரலில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

```html
<meta name="robots" content="max-image-preview:large">
<meta property="og:title" content="ஹால்மார்க் எண்ணைச் செயலியில் இட்டால்...">
<meta property="og:image" content="https://example.com/huid-1200x675.jpg">
```

வேர்ட்பிரஸ் 5.7 பதிப்பிலிருந்து முதல் வரி தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் சில எஸ்இஓ பிளகின்களின் அமைப்பில் அது மாறிப் போயிருப்பதைக் கண்டிருக்கிறேன். அடிக்கடி நேரும் இன்னொரு கோளாறு இதைவிட நுட்பமானது. செய்தியாளர் 4000 பிக்சல் படத்தைத்தான் ஏற்றியிருப்பார். வேர்ட்பிரஸ் அதிலிருந்து உருவாக்கும் ‘லார்ஜ்’ அளவின் இயல்பான வரம்பு 1024 பிக்சல். தீம் அந்த நகலையே og:image ஆகக் கொடுத்துவிட்டால், பெரிய படம் சர்வரில் இருந்தும் அட்டைக்குச் சிறிய படமே போய்ச் சேரும். அந்த வரியில் உள்ள முகவரியைத் தனியாகத் திறந்து அகலத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேடலுக்கு ஒரு தலைப்பு, ஃபீடுக்கு ஒரு தலைப்பு எனத் தனித்தனியாக வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், title குறியில் தேடு சொற்கள் உள்ளதும், og:title குறியில் மேலே சொன்னதும் இருக்கலாம். எதை எடுப்பது என்பது கூகுளின் முடிவு என்பதால், இரண்டில் எது வந்தாலும் கட்டுரைக்கு உண்மையாக இருக்க வேண்டும்.

வெளியிட்ட பிறகு எதைப் பார்ப்பது? டிஸ்கவர் அறிக்கை எல்லாத் தளங்களுக்கும் தெரியாது. அட்டை எத்தனை முறை காட்டப்பட்டது என்ற இம்ப்ரெஷன் கணக்கு ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டினால்தான் சர்ச் கன்சோலில் அது தோன்றும். தோன்றினாலும், காட்டப்பட்டதில் எத்தனை முறை தொடப்பட்டது என்ற விகிதமான சிடிஆர் உயர்ந்ததை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். அதே நாள்களில் அனலிட்டிக்ஸில் அந்தப் பக்கத்தின் சராசரி ஈடுபாட்டு நேரத்தையும், பக்கத்தின் அடிவரை வந்தவர்களைக் காட்டும் ஸ்க்ரோல் நிகழ்வையும் சேர்த்துப் பாருங்கள். சிடிஆர் உயர்ந்து, இவை இரண்டும் தளத்தின் வழக்கமான அளவைவிடச் சரிந்திருந்தால் தலைப்பு மிகையாகச் சொல்லியிருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக, இம்ப்ரெஷன் நிறைய வந்து சிடிஆர் மட்டும் குறைந்திருந்தால், அட்டை சேதியைச் சொல்லவில்லை; முதலில் படத்தையும் பிறகு தலைப்பின் முன்பாதியையும் மாற்றிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று பிரித்தறிய முடியாது. டிஸ்கவர் வழியாக வரும் வருகை அனலிட்டிக்ஸில் தனிப் பெயரில் வருவதில்லை, கூகுள் தேடலோடும் நேரடி வருகையோடும் கலந்தே பதிவாகும். ஆகவே பக்கத்தையும் தேதியையும் வைத்தே ஒப்பிட வேண்டும்.

ஃபீடில் பெரும்பாலான செய்திகள் சில நாள்களில் இறங்கிவிடும். அப்படி இறங்கியதைத் தலைப்பின் தோல்வியாக எண்ணி, பழைய கட்டுரையின் தேதியை மட்டும் புதிதாக்கி மீண்டும் வெளியிடும் பழக்கம் பரவிவருகிறது. உள்ளடக்கம் மாறாமல் தேதியை மாற்றுவது வாசகரை ஏமாற்றுவதே. ஹால்மார்க் விதி மாறினாலோ செயலியில் புதிய விவரம் சேர்ந்தாலோ கட்டுரையைத் திருத்தி, என்ன மாறியது என்பதை முதல் பத்தியிலேயே எழுதி, அப்போது தேதியை மாற்றலாம். அந்த மாற்றமே அடுத்த தலைப்புக்கான சேதியாகவும் இருக்கும்.